“எனக்குத் தகுதி இருக்கா?” என்று யாரும் போன் செய்யாதபடி வேலை அறிவிப்பு எழுதுவது எப்படி

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அக்கா நடத்தும் துணைப்பாட நிலையத்துக்குப் பகுதிநேரத் தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். அறிவிப்பை நான்தான் எழுதினேன். 23 பேர் விண்ணப்பித்தார்கள். அதில் 11 பேருக்கு நாங்கள் நினைத்த தகுதி இல்லை, தகுதி இருந்த இரண்டு பேர் தங்களுக்கு இல்லை என்று நினைத்து விண்ணப்பிக்கவே இல்லை. அந்த இரண்டு பேரை இழந்ததுதான் எனக்கு வலித்தது. தவறு முழுவதும் இந்தச் சில வரிகளில் இருந்தது:

> தகுதி: சாதாரண நிலைத் தேர்வில் தமிழில் பி3க்கு மேல். பட்டயம் அல்லது பட்டம் மற்றும் 2 ஆண்டு அனுபவம். கல்வி அமைச்சில் ஆசிரியராகப் பதிவு. ஜூன் 12க்கு முன் விண்ணப்பிக்கவும். தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு மட்டும் அறிவிக்கப்படும்.

படிக்கச் சரியாகத்தானே இருக்கிறது? இதை எப்படித் திருத்தினோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எல்லைச் சொற்களைத் தூக்குங்கள்

“பி3க்கு மேல்” என்றால் பி3 எடுத்தவர் உள்ளேயா வெளியேயா? தமிழில் இரண்டு மாதிரியும் படிக்கலாம். “ஜூன் 12க்கு முன்” என்பதும் அப்படித்தான், 12ஆம் தேதி காலையில் அனுப்பியவருக்கு என்ன பதில் சொல்வது? மேல், கீழ், முன், உள் என்று எந்தச் சொல் வந்தாலும் அதை நீக்கிவிட்டு எல்லையையே எழுதிவிடுங்கள்: “ஏ1, ஏ2 அல்லது பி3”, “ஜூன் 12, இரவு 11.59 வரை”. நீளம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

2. அல்லது, மற்றும் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்காதீர்கள்

“பட்டயம் அல்லது பட்டம் மற்றும் 2 ஆண்டு அனுபவம்.” பட்டயம் மட்டும் இருந்தால் போதும், பட்டதாரிக்குத்தான் அனுபவம் வேண்டும் என்று ஒருவர் படித்தார். அவர் படித்ததில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. இப்போது தனித்தனி வரியாக, எண் போட்டு, தலைப்பில் “கீழுள்ள மூன்றும் வேண்டும்” என்று எழுதுகிறோம். “அல்லது” ஒரு எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும்.

அனுபவத்தையும் அளந்து சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தவரும் 2 ஆண்டு என்றுதான் எழுதுவார், அது பொய்யும் இல்லை. எங்களுக்கு வேண்டியது குழுவுக்குக் கற்பித்த அனுபவம். அதையே எழுதினோம்.

3. ஒவ்வொரு தகுதியும் எப்போது இருக்க வேண்டும்?

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பத்து அல்லது அதற்கு அதிகமான மாணவர்கள் உள்ள துணைப்பாட நிலையத்தில் கற்பிப்பவர் கல்வி அமைச்சில் பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதிவுக்கு விண்ணப்பிப்பது நிலையம், அதுவும் ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு. நான் அதை மற்றத் தகுதிகளோடு ஒரே வரிசையில் போட்டுவிட்டேன். நன்றாகக் கற்பிக்கக்கூடிய இரண்டு பேர், “எங்களிடம் பதிவு இல்லையே” என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவர் பிறகு அக்காவிடம் கோயிலில் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்கிறேன்: இது விண்ணப்பிக்கும் நாளிலேயே வேண்டுமா, வேலை தொடங்கும் நாளில் இருந்தால் போதுமா? இரண்டுக்கும் தனித் தலைப்பு போடுகிறேன். தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள், தேசிய சேவை முடியப்போகிறவர்கள் எல்லோருக்கும் இதிலேயே பதில் கிடைத்துவிடும்.

திருத்திய பகுதி:

> விண்ணப்பிக்கும் நாளில் இந்த மூன்றும் வேண்டும்:
> 1. சாதாரண நிலைத் தேர்வில் தமிழிலோ உயர்தமிழிலோ ஏ1, ஏ2 அல்லது பி3. அல்லது தமிழை முதன்மைப் பாடமாகப் படித்த பட்டம்.
> 2. ஏதேனும் ஒரு துறையில் பட்டயம் அல்லது பட்டம்.
> 3. மூன்று பேருக்குக் குறையாத குழுவுக்குத் தமிழ் கற்பித்த அனுபவம், மொத்தம் 24 மாதம். இடைவெளி இருந்தால் மாதங்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஜூன் 12 வரையிலான மாதங்கள் மட்டும் கணக்கு.
>
> வேலை தொடங்குமுன்: கல்வி அமைச்சின் ஆசிரியர் பதிவு. தேர்வானவருக்காக நாங்களே விண்ணப்பிப்போம். இப்போது பதிவு இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம்.

முதல் வரியில் முன்பு “அல்லது அதற்கு இணையான தகுதி” என்று போட நினைத்தேன். இணையா இல்லையா என்று யார் முடிவு செய்வது? தமிழ்நாட்டில் பி.ஏ. தமிழ் படித்தவரிடம் சாதாரண நிலைச் சான்றிதழ் இருக்காது, எதை ஏற்போம் என்று பெயர் சொல்லிவிட்டால் அவர் யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. “இளமையான குழு”, “இந்தியர் மட்டும்” போன்ற வரிகள் வேண்டவே வேண்டாம். வயது, இனம் பார்த்து விளம்பரம் செய்யக்கூடாது என்பது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிகளிலேயே இருக்கிறது. மொழி கேட்டால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்: “பாடம் தமிழில் நடத்த வேண்டியிருப்பதால்.”

4. தேர்வுப் படிகள்: எங்கே, யார், எத்தனை பேர் நிற்பார்கள்

“நேர்காணல் உண்டு” என்று மட்டும் எழுதினால், தகுதி இருக்கிற எல்லோருக்கும் நேர்காணல் என்றுதான் நினைப்பார்கள். மாதிரி வகுப்புக்கு எங்களால் ஆறு பேரைத்தான் அழைக்க முடியும், அதனால் அந்த ஆறு பேரை எப்படி எடுப்போம் என்பதையும் சொன்னோம்:

> படி 1: மூன்று தகுதியும் உள்ளவர்களில், குழுவுக்குக் கற்பித்த மாதங்கள் அதிகமுள்ள 6 பேர்.
> படி 2: தொடக்கநிலை 4 மாணவர்களுக்கு 20 நிமிட மாதிரி வகுப்பு. தலைப்பு 3 நாள் முன்பே தரப்படும். 60 மதிப்பெண், 36 அல்லது அதற்கு அதிகம் எடுத்தவர்கள் மட்டும் அடுத்த படிக்கு.
> படி 3: நேர்காணல், 40 மதிப்பெண். இரண்டையும் கூட்டி முதலில் வருபவருக்கு வேலை.
> விண்ணப்பித்த எல்லோருக்கும் ஜூன் 20க்குள், அந்த நாளும் சேர்த்து, படி 1 முடிவை மின்னஞ்சலில் அனுப்புவோம்.

“தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு மட்டும்” என்ற வரியை எடுத்துவிட்டோம். எது வரை காத்திருப்பது என்று தெரியாதவர் தினமும் போன் செய்வார். 23 மின்னஞ்சல் அனுப்ப அரை மணி நேரம் ஆகாது.

5. ஆள் வைத்துச் சோதியுங்கள்

கற்பனையாக ஐந்து விண்ணப்பதாரர்களை எழுதுங்கள், எல்லோரும் எல்லையில் நிற்பவர்களாக இருக்கட்டும்: பி3 எடுத்தவர், 23 மாதம் கற்பித்தவர், உயர்தமிழில் சி5 வாங்கியவர், பட்டயம் அடுத்த மாதம் கையில் கிடைக்கப்போகிறவர், பதிவு இல்லாதவர். நிலையத்துக்குச் சம்பந்தமில்லாத இருவரிடம் அறிவிப்பை மட்டும் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் “ஆம்” அல்லது “இல்லை” எழுதச் சொல்லுங்கள். இருவரும் வேறு வேறு பதில் எழுதும் வரி எதுவோ அதைத் திருத்துங்கள். எங்களுக்கு மூன்று சுற்று ஆனது.

அழகான படமாக வடிவமைப்பதை நான் விட்டுவிட்டேன். படம் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது ஓரம் வெட்டுப்பட்டு, “வேலை தொடங்குமுன்” என்ற தலைப்பே காணாமல் போனது. சாதாரண எழுத்தாக, ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், “சிங்கப்பூரில் வேலை செய்ய அனுமதி உள்ளவர்” என்று தன் அறிவிப்பில் எழுதியதாகச் சொன்னார். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்கள் வரிசையாக விண்ணப்பித்தார்களாம். அவர்களும் அனுமதி உள்ளவர்கள்தானே. ஆனால் அந்த அனுமதி பாஸில் குறிப்பிட்ட முதலாளியிடம் வேலை செய்ய மட்டும், மாலையில் வேறு இடத்தில் கற்பிக்க முடியாது. அதனால் நாங்கள் நான்காவதாக ஒரு வரி சேர்த்து, தலைப்பில் “மூன்றும்” என்பதை “நான்கும்” என்றும், படி 1இல் “மூன்று தகுதியும்” என்பதை “நான்கு தகுதியும்” என்றும் மாற்றிவிட்டோம்: “சிங்கப்பூர்க் குடியுரிமை அல்லது நிரந்தரவாசத் தகுதி. வேறு நிறுவனத்தின் வேலை அனுமதியில் இருப்பவர்கள் இந்தப் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.”