200 பேக்டெஸ்டில் முதலிடம் பிடித்த ஸ்ட்ராட்டஜியை ஏன் அப்படியே நம்பக்கூடாது?

பேக்டெஸ்ட் என்றால் ஒரு ஸ்ட்ராட்டஜியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது. நிஃப்டியின் ஐந்து வருட தினசரி விலையை எடுத்து மூவிங் ஆவரேஜ் கிராஸ்ஓவரைச் சோதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: குறுகிய நாட்களின் சராசரி விலை நீண்ட நாட்களின் சராசரிக்கு மேலே போனால் வாங்குவது, கீழே வந்தால் விற்பது. குறுகிய ஆவரேஜுக்கு 10 அளவுகள், நீண்ட ஆவரேஜுக்கு 20. மொத்தம் 200 சேர்க்கைகள். அதில் ஒன்றுக்கு ஷார்ப் விகிதம், அதாவது ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்ட லாபம், 1.2 வருகிறது. மீதி 199-ஐ மறந்துவிட்டு அதில் பணத்தைப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

லாபம் தரும் திறனே இல்லாத ஸ்ட்ராட்டஜிக்கும் ஐந்து வருடத்தில் ஷார்ப் சரியாகப் பூஜ்யம் வராது. வெறும் அதிர்ஷ்டத்தாலேயே சுமார் 0.45 மேலும் கீழும் ஆடும். ஒன்றே ஒன்றைச் சோதித்து 1.2 வந்தால் அது அபூர்வம்தான். 200-ல் முதலிடம் என்றால் கதை வேறு. நீங்களே ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
r = np.random.normal(0, 0.01, (200, 1250))
s = r.mean(axis=1) / r.std(axis=1) * np.sqrt(250)
print(s.max())
```

இதில் சந்தையே இல்லை, வெறும் தற்செயல் எண்கள். ஆனாலும் பெரும்பாலும் 1 முதல் 1.5 வரை ஏதோ ஒரு ஷார்ப் வந்து நிற்கும்.

நிஜத்தில் 20 நாள், 50 நாள் ஆவரேஜ் கொண்ட 20/50-ம் 20/55-ம் கிட்டத்தட்ட ஒரே நாளில்தான் வாங்கி விற்கும். ஆகவே 200 என்பது உண்மையில் 200 தனித்தனிச் சோதனைகள் அல்ல. எத்தனை என்று ஊகிப்பதைவிட இப்படிச் செய்யலாம்: தினசரி ஏற்ற இறக்கங்களின் வரிசையைக் கலைத்துப் போட்டு, அதிலிருந்து புது விலைத்தொடரை உருவாக்குங்கள். அதில் 200 சேர்க்கைகளையும் ஓட்டி, முதலிடத்தின் ஷார்ப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இதை 1000 முறை செய்யுங்கள். அந்த 1000 எண்களில் 300, உங்கள் 1.2-ஐத் தாண்டினால் உங்களிடம் இருப்பது அதிர்ஷ்டம் மட்டுமாகவே இருக்கலாம். 50-க்கும் குறைவாகத் தாண்டினால் மேலே ஆராயலாம். நாட்களை ஒவ்வொன்றாகக் கலைத்தால், கொந்தளிப்பான நாட்கள் சேர்ந்தே வரும் சந்தையின் இயல்பு போய்விடும். அதனால் சில வாரத் துண்டுகளாகக் கலைத்தும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு எளிய அடையாளம் உண்டு. 20/50 அருமையாக வந்து, 15/50-ம் 25/50-ம் நஷ்டம் காட்டினால் அதை நம்பாதீர்கள். நிஜமான போக்கு இருந்தால் அக்கம்பக்கத்து எண்களிலும் ஓரளவு தெரியும்.

எண்ணிக்கையில் எல்லோரும் கோட்டை விடுவது ஒன்று: ஸ்டாப் லாஸை மாற்றியது, வெள்ளிக்கிழமையை நீக்கியது, போன மாதம் பார்த்துவிட்டு அழித்த RSI வடிகட்டி, இவையும் சோதனைகளே. தேடலில் சேர்க்காமல் விட்டால் மேலே சொன்ன கலைப்புச் சோதனையும் உங்களுக்குச் சாதகமாகவே பொய் சொல்லும். அதனால் ஓட்டிய ஒவ்வொன்றையும், தோற்றதையும் சேர்த்து, ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

அப்புறம், கடைசி ஒரு வருட டேட்டாவை இறுதிச் சோதனைக்கென்று தனியே ஒதுக்கி வைத்திருப்பீர்கள். அதில் ஸ்ட்ராட்டஜி தோற்றதும் உள்ளே போய் எண்களைத் திருத்தி, திரும்பவும் அதே வருடத்தில் ஓட்டினால், அந்த வருடமும் தேடலுக்குள் வந்துவிட்டது. இனி அது சாட்சி ஆகாது. புது டேட்டா சேரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.