அணுச்சங்கிலியின் உச்ச அதிர்வெண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறை m கொண்ட ஒரே வகை அணுக்கள் a இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்து அணுக்களை மட்டும் C என்ற மாறிலியுடைய சுருள்வில் இணைக்கிறது. இதில் ஓடும் அலையின் கோண அதிர்வெண் ω-ஐ அலை எண் k-உடன் இணைக்கும் பிரிகைத் தொடர்பு:

ω = 2√(C/m) |sin(ka/2)|

இதைப் பிழையின்றி எழுதுபவர்களும் உச்ச அதிர்வெண் என்று வந்தவுடன் √(C/m) என்று எழுதிவிடுவதுண்டு. அது ஒரு வில்லில் கட்டிய ஒற்றை நிறைக்கு உரிய விடை. இங்கே k = π/a ஆகும்போது அடுத்தடுத்த அணுக்கள் எதிரெதிராக நகர்கின்றன. ஓர் அணு வலப்பக்கம் u நகர்ந்தால் அதன் இரு அண்டை அணுக்களும் இடப்பக்கம் u நகர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு வில்லின் நீளமும் 2u மாறுகிறது. இரண்டு வில்களும் சேர்ந்து 4Cu விசையால் அணுவைத் திருப்பி இழுக்கின்றன. mω² = 4C, அதாவது ω = 2√(C/m). வகைக்கெழுவே தேவையில்லை. இந்தப் படம் மனத்தில் இருந்தால் அந்த 2 ஒருபோதும் தொலையாது.

அடுத்த தவறு, ஒலியின் நேர்கோட்டை எல்லை வரை இழுப்பது. அலைநீளம் a-ஐவிட மிகப் பெரிதாக இருக்கும்போது மட்டுமே ω = vk; அங்கே v = a√(C/m). எடுத்துக்காட்டாக, v = 5000 மீ/வி, a = 2.5 × 10⁻¹⁰ மீ எனக் கொள்வோம். சரியான உச்சம் ω = 2v/a = 4 × 10¹³ ரேடியன்/வி. இதை 2π-ஆல் வகுத்தால் அதிர்வெண் சுமார் 6.4 டெராஹெர்ட்ஸ். நேர்கோட்டை k = π/a வரை நீட்டியவருக்கு 10 டெராஹெர்ட்ஸ் கிடைக்கும். 2π-ஐ மறந்தவர் 40 என்று எழுதுவார். விடைத்தாளில் எந்த எண் இருக்கிறது என்பதைப் பார்த்தே எங்கே வழுக்கினார் என்று சொல்லிவிடலாம்.

k-ஐ π/a-க்கு மேல் கொண்டுபோனால் புதிய அலை கிடைக்கும் என்பதும் தவறு. k = 1.2π/a, k = −0.8π/a இரண்டும் எல்லா அணுக்களையும் ஒரே மாதிரிதான் நகர்த்துகின்றன. அணுக்களுக்கு நடுவே அலை எப்படி வளைகிறது என்பதற்குப் பொருளே இல்லை. அங்கே நகர எதுவும் இல்லை.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது கடைசித் தவறை: உச்சத்தைவிட வேகமாக முதல் அணுவை ஆட்டினால் சங்கிலி அசையவே அசையாது என்ற எண்ணம். அசையும், ஆனால் அலை ஓடாது. ω = 1.25 ω_max என்று வைத்து, அடுத்தடுத்த அணுக்களின் வீச்சு விகிதத்தை r என்போம். இயக்கச் சமன்பாடு mω² = C(2 − r − 1/r) ஆகிறது. இடப்பக்கம் 6.25C; r = −1/4 அதைச் சரியாக நிறைவு செய்கிறது. ஒவ்வோர் அணுவும் முந்தையதற்கு எதிர்த்திசையில், கால்வாசி வீச்சில் ஆடும். ஐந்தாவது அணுவின் வீச்சு முதல் அணுவுடையதில் 256-இல் ஒரு பங்கு. நீண்ட சங்கிலியில், உராய்வு இல்லாவிட்டாலும் இப்படித்தான் வீச்சு தேய்கிறது. ஆற்றல் எங்கும் வீணாவதில்லை. ஒரு முழுச் சுற்றைச் சராசரியாகப் பார்த்தால், அது சங்கிலிக்குள் கடந்து செல்வதே இல்லை.