ஆர்.எஸ்.யு. பங்கு பெறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடாங் செராய் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து கூலிம் ஹைடெக் பார்க்குக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலருக்குச் சம்பளத்தோடு ஆர்.எஸ்.யு. என்று, குறிப்பிட்ட காலம் வேலை செய்த பிறகு சொந்தமாகும் கம்பெனி பங்கும் வருகிறது. மார்ச் மாதம் வரி கணக்கு காட்டும் நேரத்தில் பாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எல்லாரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

நிகரப் பங்கை வருமானமாக எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. போன வருசம் ஒரு தம்பி, "அண்ணே, என் கைக்கு வந்தது 37 பங்குதானே, அதற்கு மட்டும் வரி கட்டினால் போதாதா?" என்று கேட்டார். போதாது.

அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அன்றைக்கு வெஸ்ட் ஆனது, அதாவது அவருக்குச் சொந்தமானது, 50 பங்கு, ஒன்றின் மதிப்பு 252 ரிங்கிட். ஆகவே வருமானம் 12,600 ரிங்கிட். அவருக்கான வரி 25 விழுக்காடு, அதாவது 3,150 ரிங்கிட். அதை 252ஆல் வகுத்தால் 12.5 பங்கு வருகிறது, அரைப் பங்கைப் பிடிக்க முடியாது, அதனால் கம்பெனி 13 பங்கைப் பிடித்துக்கொண்டு மீதி 37ஐ அவர் கணக்கில் போட்டது. அந்த 13ம் அவர் சம்பாதித்ததுதான். பங்காக அவருக்கு வராமல், அவர் பேரில் வரியாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

தம்பி பாரத்தில் எழுதியிருந்தது 37 x 252, அதாவது 9,324 ரிங்கிட். ஆனால் கம்பெனி வரியாகப் பிடித்த பிசிபி 3,150ஐ மட்டும் முழுசாகக் கழித்திருந்தார். வருமானத்தில் 3,276 ரிங்கிட் குறைகிறது, 25 விழுக்காட்டில் 819 ரிங்கிட் வரி குறைத்துக் காட்டியதாகிறது. கம்பெனி உங்கள் வருட வருமானத்தைக் காட்டித் தரும் ஈஏ பாரத்தில் 12,600 ரிங்கிட் இருக்கும், அதே விவரம் கம்பெனியிடமிருந்து வருமான வரி வாரியத்துக்கும் போகும். நீங்கள் எழுதியது அதோடு ஒத்துப்போகாவிட்டால் வரியோடு அபராதமும் வரலாம், அதை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

சரிபார்ப்பது சுலபம். பங்கு ஸ்டேட்மென்டில் மொத்தம், பிடித்தம், நிகரம் என்று மூன்று எண் இருக்கும். மொத்தத்தை அன்றைய விலையால் பெருக்குங்கள். ஈஏ பாரத்தில் உள்ள தொகை வர வேண்டும்.

12,600ஐ 37ஆல் வகுப்பது

அப்புறம் இது. வகுத்தால் ஒரு பங்கு சுமார் 340 ரிங்கிட்டுக்கு வந்ததாகத் தெரியும், விலை 300 ஆனாலும் நட்டம் என்று நினைத்து விற்காமல் உட்கார்ந்திருப்பார்கள். 37 பங்கும் ஒவ்வொன்றும் 252 ரிங்கிட்டுக்குத்தான் வந்தது. 300க்கு விற்றால் ஒரு பங்குக்கு 48 லாபம்.

உங்கள் பேங்க் ரேட்டில் டாலரை மாற்றுவது

வேண்டாம். பங்கின் விலை டாலரில் இருந்தால், அதை ரிங்கிட்டாக மாற்றக் கம்பெனி பயன்படுத்திய ரேட்தான்.

அரைப் பங்கை மறந்துவிடுவது

13 பங்கின் மதிப்பு 3,276 ரிங்கிட், வரியோ 3,150. கூடுதலாகப் பிடித்த 126 ரிங்கிட் பெரும்பாலும் அடுத்த சம்பளத்தில் திரும்ப வரும். சம்பளச் சிலிப்பில் அது இல்லையென்றால் பேரோலில் போய்க் கேளுங்கள்.