நண்பரின் நாவலுக்கு மதிப்புரைக் கடிதம் எழுதுவது எப்படி: முதல் அத்தியாயத்தை முன்வைத்து

சொந்தச் செலவில் நாவலை வெளியிட்ட நண்பர், முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுமாறு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் கதை அது. அத்தியாயம் 14 பக்கம். முதல் 4 பக்கங்களில் திருவிதாங்கூர் ஆட்சியும், எல்லைப் போராட்டமும், 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. தொழிலாளி ஐந்தாம் பக்கத்தில்தான் வருகிறார்.

முதல் படி: புத்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்

முந்நூறு பிரதிகள் அச்சாகி வீட்டில் அடுக்கப்பட்டிருந்தால், நீங்கள் சொல்லும் திருத்தம் அடுத்த பதிப்புக்கோ அடுத்த நாவலுக்கோதான் பயன்படும். ஆர்டர் வரும்போது மட்டும் அச்சிடும் முறையில் வெளியிட்டிருந்தால், கோப்பை மாற்றி ஏற்றினாலே போதும். முதல் நிலையில் "மாற்றுங்கள்" என்று எழுதுவது வேதனையை மட்டுமே தரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கடிதத்தைத் தொடங்க வேண்டாம்.

இரண்டாம் படி: இருமுறை படியுங்கள்

முதல் வாசிப்பில் திருத்தம் எதுவும் செய்யாமல், கவனம் விலகிய இடங்களில் மட்டும் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாம் வாசிப்பில், ஏன் விலகியது என்று கோட்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் கோடுகள் எல்லாம் முதல் 4 பக்கங்களிலேயே விழும்.

மூன்றாம் படி: பாராட்டுக்குப் பக்க எண் கொடுங்கள்

"நடை அருமை" என்ற பாராட்டை யாருக்கும் எழுதலாம் என்பதால், நண்பர் அதை நம்பமாட்டார். இப்படி எழுதுங்கள்:

"ஆறாம் பக்கத்தில், தலைவிளக்கின் வெளிச்சத்தில் அவர் முந்தைய வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டுக் கத்தியை வைக்கும் இடத்தில், நான் அவருக்குப் பக்கத்தில் நிற்பதாகவே உணர்ந்தேன். அவருடைய வறுமையைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை; உரித்த துண்டுகளை அவர் எண்ணிப் பைக்குள் போடுவதிலேயே அது தெரிந்துவிட்டது."

இந்தப் பத்தி வெறும் மரியாதைக்காக எழுதப்படுவதன்று. உங்கள் நண்பரால் எது முடியும் என்பதற்கு இது சான்று. அடுத்து வரும் குறையை இந்தச் சான்றின் மேல்தான் நிறுத்தப் போகிறீர்கள்.

நான்காம் படி: தலையாய குறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பத்துக் குறைகளைப் பட்டியலிட்டால் எது முக்கியம் என்று எழுதியவருக்குத் தெரியாமல் போகும். வாசகர் எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவாரோ, அந்த இடத்துக்குக் காரணமான குறையை எடுங்கள்.

"முதல் 4 பக்கங்களில் நீங்கள் விளக்குகிறீர்கள், ஆறாம் பக்கத்தில் காட்டுகிறீர்கள். காட்டும் இடத்தை அடைவதற்கு முன்பே பலர் புத்தகத்தை வைத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது யாருடைய நினைவில் வருகிறது என்பதுதான் என் கேள்வி."

இதற்குத் துணையாக ஒரு தகவல் பிழையையும் சொல்லலாம். எட்டாம் பக்கத்தில், மரத்தை வெட்டியவுடன் சிரட்டை நிறைந்து, அவர் பாலை வாளியில் ஊற்றுகிறார். உண்மையில் பால் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வடியும். எல்லா மரங்களையும் வெட்டி முடித்த பிறகே, திரும்பி வந்து சிரட்டைகளிலிருந்து பால் எடுப்பார்கள். குமரி மாவட்டத்து வாசகர் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இந்தப் பிழைக்குள்ளேயே ஒரு வழியும் இருக்கிறது: பால் வடியக் காத்திருக்கும் நேரத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? அவருடைய தந்தை போராட்டக் காலத்தைப் பற்றிச் சொன்னவை அப்போது நினைவுக்கு வரலாம். இதைக் குறிப்பாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியை நீங்களே எழுதிக் கொடுத்தால் நாவல் அவருடையதாக இருக்காது.

பேச்சு வழக்கையும் ஒரு வரியில் தொடலாம். "எனக்க மொவன்" என்று பேசிய தொழிலாளி, துயரம் வந்ததும் "என்னுடைய மகன்" என்று பேசத் தொடங்கினால், அந்தத் துயரத்தின் மீது நமக்கு நம்பிக்கை குறைகிறது.

ஐந்தாம் படி: எழுத்துப் பிழைகளைத் தனித்தாளில் கொடுங்கள்

ஒற்றுப் பிழை, ரகர றகர மயக்கம் போன்றவற்றைப் பக்கமும் வரியும் குறித்துத் தனியாக எழுதி இணைத்துவிடுங்கள். கடிதத்துக்குள் கலந்தால், அத்தியாயத்தின் அமைப்பைப் பற்றிச் சொன்னது சந்திப் பிழைகளுக்கு நடுவே மறைந்துவிடும்.

அனுப்புவதற்கு முன்

"ஆனால்" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். பாராட்டுக்கு அடுத்த வரியிலேயே அது வந்தால், முன்னால் சொன்னதை அது அழித்துவிடும். புதிய பத்தியாகப் பிரித்து, "ஆனால்" இல்லாமல் தொடங்குங்கள். இதே நாவலுக்கு இதழில் மதிப்புரை எழுதும்படி நண்பர் பிறகு கேட்டால், இந்தக் கடிதத்தைச் சுருக்கிக் கொடுக்காமல், புத்தகம் முழுவதையும் படித்துப் புதிதாக எழுதுங்கள். ஆசிரியர் உங்கள் நண்பர் என்பதை அதன் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.