ரயில் தாமதம் என்றால் மழைதானா? ஒரு போலி வாதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

தாராவியிலிருந்து கல்லூரிக்கு நான் போவது லோக்கல் ரயிலில். சயான், குர்லா பக்கம் தண்டவாளம் தாழ்வு. மழை கொட்டினால் தண்ணீர் தேங்கி வண்டி நிற்கும். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கும் இது தெரியும். ஒருநாள் போனில் ரயில் லேட் என்றேன். "அப்போ அங்க மழைதான்ல, குடை எடுத்தியா?" என்றார். வெளியே சுள்ளென்று வெயில்.

அம்மாவின் வாதத்தைச் சோதிப்போம். முதலில் அதை மூன்று வரியாக எழுதுங்கள். சொல்லாமல் விட்டதையும் சேர்க்க வேண்டும்.

கனமழை பெய்தால் ரயில் தாமதமாகும்.
ரயில் தாமதம்.
ஆகவே கனமழை.

அடுத்து, மழையையும் ரயிலையும் எடுத்துவிட்டு எழுத்துகளைப் போடுங்கள்: அ நடந்தால் ஆ நடக்கும், ஆ நடந்தது, ஆகவே அ. இப்போது இந்த அச்சில் வேறு சரக்கை வார்த்துப் பாருங்கள். முதல் இரண்டு வரியும் உண்மையாக இருந்து மூன்றாவது பொய்யாகும் ஓர் உதாரணம் கிடைத்தால் போதும், வாதம் விழுந்துவிடும். இங்கே தேடவே வேண்டாம்: சிக்னல் கோளாறிலும் ரயில் தாமதமாகும்.

தலைகீழ் வடிவத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ரயில் தாமதமாகவில்லை, ஆகவே கனமழை இல்லை' என்பது முறையான வாதம். முதல் வரி உண்மையானால் அதை அசைக்க முடியாது. ஆனால் 'மழை இல்லை, ஆகவே தாமதம் இராது' என்பது மறுபடியும் போலிதான். தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான்.

நம் மரபில் இதற்கு அழகான உதாரணம் உண்டு. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை உண்டு என்றால் தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நிரூபிக்க வேண்டியது இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படும் இப்படிப்பட்ட காரணத்தை மணிமேகலையின் 29-ஆம் காதை அநைகாந்திகம் என்ற ஏதுப் போலியாக, அதாவது போலிக் காரணமாகச் சொல்கிறது. 'போலி' என்ற சொல்லே எனக்குப் பிடிக்கும். அசலைப் போலவே இருப்பதால்தானே ஏமாறுகிறோம்?

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. வாதம் போலி என்பதால் முடிவு பொய் ஆகிவிடாது. அன்று உண்மையிலேயே மழை பெய்திருக்கலாம். அப்புறம், அம்மா 'மழையா இருக்கும்போல' என்று சொல்லியிருந்தால் அது போலியே அல்ல, நியாயமான ஊகம். மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்து நோயைச் சந்தேகிப்பதும் இந்த வழியில்தான். அவர் பரிசோதனை செய்து மற்றக் காரணங்களைத் தள்ளுகிறார். அம்மாவும் குடையை எடுக்கச் சொல்வதற்கு முன் வானிலையைக் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார்.