முதலுதவிப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேருக்கு வேடம் பிரித்துக் கொடுங்கள்: அடிபட்டவர், உதவுபவர், போன் செய்பவர், கடிகாரம் பார்ப்பவர். ஜன்னல் கண்ணாடி உடைந்து ஒருவனின் முன்கையில் ஆழமாக வெட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

உதவுபவர் சுத்தமான துணியை வைத்து அழுத்துவார். அதுவரை சரி. ஆனால் அரை நிமிடத்துக்குள் "நின்னுடுச்சா?" என்று துணியைத் தூக்கிப் பார்ப்பார். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறு இது. அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பெயர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குறைந்தது 10 நிமிடம் கையை எடுக்கவே கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்த வேண்டும். பயிற்சியில் உருட்டிய துண்டை 10 நிமிடம் முழுசாக அழுத்தச் சொல்லுங்கள். அவ்வளவு நேரம் எவ்வளவு நீளமானது என்று அப்போதுதான் கைக்குத் தெரியும்.

கண்ணாடித் துண்டு உள்ளே குத்தியிருந்தால் பிடுங்கக் கூடாது. அதன் இரு பக்கமும் அழுத்தி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காயத்தில் காபித்தூளோ மஞ்சளோ அப்பினால் ரத்தம் நிற்காது, அழுக்குத்தான் சேரும்.

இனி போன். "யாராவது 108-க்குப் போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால், இன்னொருவர் பண்ணியிருப்பார் என்று எல்லோரும் நின்றுவிடுவார்கள். ஒருவரைக் கைகாட்டி, "கவிதா, நீ 108-க்குப் பண்ணு, பண்ணிட்டு வந்து என்கிட்ட சொல்லு" என்று சொல்லப் பழக்குங்கள். அடுத்த தவறு, நடந்த கதையை முதலில் சொல்வது. இடத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: ஊர், தெரு, அருகில் உள்ள கோயிலோ கடையோ. இணைப்பு அறுந்துபோனாலும் வண்டி வர அது போதும். அப்புறம்தான் என்ன அடி, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா என்பதெல்லாம். மறுமுனையில் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது. பயிற்சிக்கு அணைத்துவைத்த போன் போதும். உண்மையில் 108-ஐ அழைத்துப் பார்க்க வேண்டாம்.

அடுத்த சுற்றில் வேடங்களை மாற்றி, கையில் சாம்பார் கொட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். பற்பசை, இட்லி மாவு, இங்க், ஐஸ் என்று பிள்ளைகள் வரிசையாகச் சொல்வார்கள். எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வீக்கம் வரும் முன்பே மோதிரம், வளையலைக் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடினால் போதும். முகம், கை, மூட்டு வெந்திருந்தாலோ, அடிபட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.