ஆறு வாரம் வீடு பூட்டியிருந்தாலும் பிரிண்டரில் மை உலராமல் இருக்க

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் சென்னைக் குடும்பங்கள் கேஸ் சிலிண்டரை மூடுவார்கள், குழாய்களை ஒரு முறை பார்ப்பார்கள், கடைசியில் கதவைப் பூட்டும் முன் மெயின் சுவிட்சை அணைப்பார்கள். இன்க் டேங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் அந்தக் கடைசி வேலையில்தான் தொடங்குகிறது. பிரிண்டரை அதன் பொத்தானால் அணைக்காமல் சுவரில் இருக்கும் சுவிட்சால் அணைத்துவிட்டால், அச்சிடும் ஹெட் தனக்குரிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே திறந்தபடி நின்றுவிடக்கூடும்.

என் பிரிண்டருக்கும் அதுதான் நேர்ந்தது. மயிலாப்பூரில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் ரயில் டிக்கெட்டை அச்சிட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. ஆட்டோ கீழே காத்திருந்ததால் டிக்கெட்டை கைப்பேசியிலேயே காட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, மெயினை அணைத்துவிட்டுப் புறப்பட்டேன். 38 நாள் கழித்துத் திரும்பிவந்து பார்த்தால் கறுப்பு அறவே வரவில்லை. மெஜந்தாவில் பாதிக் கோடுகளைக் காணோம். கறுப்பைப் பிறகு மீட்டுவிட்டேன். மெஜந்தாவில் இரண்டு சிறு கோடுகள் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. அதற்குப் பின் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் நான் செய்துவரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இது மை தெளிக்கும் பிரிண்டர்களுக்கு மட்டுமே பொருந்தும். லேசர் பிரிண்டரில் இருப்பது தூள் என்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

மை எங்கே உலர்கிறது

தொட்டியில் இருக்கும் மை சில வாரங்களில் உலராது. உலர்வது ஹெட்டின் அடிப்பக்கத்தில் உள்ள நாசில்களின் வாயில்தான். அவை தலைமுடியின் தடிமனைவிடவும் நுண்ணிய துளைகள். மையில் பெரும்பகுதி நீர். சீக்கிரம் உலராமலிருக்கக் கிளிசரால் போன்ற பொருள்களும் அதில் கலந்திருக்கும். ஆயினும் துளையின் வாயில் நிற்கும் மை காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் நீர் மெல்ல ஆவியாகி, மை முதலில் பாகுபோலக் கெட்டியாகிப் பிறகு அடைத்துக்கொள்ளும்.

இதைத் தடுக்கத்தான் பிரிண்டருக்குள், பெரும்பாலான மாடல்களில் வலது ஓரத்தில், கேப் என்ற ஒரு சிறு தொட்டி இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறியதாக, சுற்றிலும் ரப்பர் விளிம்போடும் நடுவில் பஞ்சு போன்ற மெத்தையோடும் இருக்கும். பிரிண்டரைப் பொத்தானால் அணைக்கும்போது ஹெட் அதன்மேல் போய் உட்கார, ரப்பர் விளிம்பு நாசில்களைச் சுற்றி மூடிக்கொள்கிறது. மெத்தையில் ஊறியிருக்கும் மை அந்தச் சிறு இடத்தின் காற்றை ஈரமாகவே வைத்திருப்பதால் நாசிலில் உள்ள நீர் எளிதில் ஆவியாவதில்லை.

கடற்கரை ஊர்தானே, காற்றிலேயே ஈரம் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. ஈரக்காற்று உலர்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் மே மாத வெயிலில், சன்னல்களெல்லாம் மூடிய மாடி வீட்டின் சூடு அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

முதல் படி: கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே சோதிக்கவும்

கடைசி நாளில் இதற்கு நேரம் இருக்காது. கணினியில் பிரிண்டரின் அமைப்புகளுக்குள் Maintenance என்ற பகுதியில் Nozzle Check என்று இருக்கும். மாடலுக்கு மாடல் பெயர் சற்று மாறலாம். சாதாரண ஏ4 தாள் ஒன்றை வைத்து அதை அச்சிடுங்கள். நான்கு நிறங்களிலும் படிக்கட்டுபோல இறங்கும் சிறு கோடுகள் வரும். ஒவ்வொரு கோடும் ஒரு நாசிலின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி விடுபட்டிருந்தால் அந்த நாசில் இப்போதே அடைபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை அப்படியே விட்டுவிட்டு ஆறு வாரம் போனால் திரும்பும்போது அது இன்னும் கெட்டிப்பட்டிருக்கும்.

மஞ்சள் நிறத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு டியூப்லைட் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. பிள்ளைகளின் நோட்டுக்குப் போடும் நீல நிறக் கண்ணாடி அட்டை ஒன்றைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் கருத்துத் தெரியும், விடுபட்ட இடமும் புலப்படும்.

கோடுகள் விடுபட்டிருந்தால் அதே பகுதியில் உள்ள Head Cleaning ஒரு முறை ஓடவிட்டு மீண்டும் சோதியுங்கள். எல்லாக் கோடுகளும் முழுதாக இருந்தால் சுத்தம் செய்யத் தேவையில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருக்கப்போகிறேன் என்றால் மட்டும், கோடுகள் சரியாக இருந்தாலும் நான் ஒரு முறை ஓடவிடுவேன். சுத்தம் செய்யும்போது பிரிண்டர் நாசில்கள் வழியே மையை உறிஞ்சிக் கேப்புக்குள் இழுக்கும். அதனால் மெத்தை புதிய மையில் நனைந்திருக்கும். ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அப்படி வெளியேறும் மை பிரிண்டரின் அடியில் உள்ள கழிவுப் பஞ்சில்தான் போய்ச் சேர்கிறது. அது நிரம்பிவிட்டால் பஞ்சை மாற்றும்வரை பிரிண்டர் வேலை செய்ய மறுக்கும்.

இரண்டாம் படி: தொட்டியும் தாளும்

ஏதாவது ஒரு தொட்டியில் மை கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால் இப்போதே நிரப்பிவிடுங்கள். குழாய்க்குள் காற்று புகுந்தால் அது வேறொரு சிக்கல். தொட்டி மூடிகள் அழுந்த மூடியிருக்கின்றனவா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். சில பழைய மாடல்களில் பக்கவாட்டில் மையை நிறுத்தும் ஒரு திருகு இருக்கும். பிரிண்டரை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்லும்போது பயன்படுத்துவதற்காக வைத்தது அது. இருந்த இடத்திலேயே இருக்கப்போகும் பிரிண்டரில் அதைத் தொடாமலிருப்பது நல்லது. மூடிவிட்டு, திரும்பிவந்து திறக்க மறந்து அச்சிட்டுக் குழாயைக் காலியாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தட்டில் உள்ள தாள்களை எடுத்து உறைக்குள் போட்டுவிடுங்கள். ஈரம் இழுத்துச் சுருண்ட தாள் முதல் நாளே சிக்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: அணைக்கும் முறை

இந்தப் படிக்கு அவசரம் ஆகாது. பிரிண்டரின் மேலுள்ள பவர் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு மினுக்கத் தொடங்கும்; உள்ளே ஹெட் நகரும் ஓசையும், அதைத் தொடர்ந்து ‘டக்’ என்று மெல்லிய ஒலியும் கேட்கும். விளக்கு முழுவதும் அணைந்து ஓசை அடங்கும்வரை காத்திருங்கள். சில நொடிகளில் முடிந்துவிடும் வேலைதான்.

அதன்பின் மேல்மூடியைத் திறந்து பாருங்கள். ஹெட் வலது ஓரத்தில் முழுவதுமாக ஒதுங்கியிருக்க வேண்டும். ஒரு விரலால் மிக மெதுவாக இடப்பக்கம் தள்ளிப் பார்த்தால், சரியாகப் பூட்டியிருக்கும் ஹெட் அசையாது. இலேசாகத் தொட்டதுமே வழுக்கிக்கொண்டு வந்தால் அது கேப்பின்மேல் உட்காரவில்லை. அப்போது கையால் தள்ளிச் சேர்க்க முயலாதீர்கள். மூடியைச் சாத்தி, பிரிண்டரை மீண்டும் ஆன் செய்து, அது அமைதியடைந்த பின் பொத்தானாலேயே அணையுங்கள். அச்சிடும் நடுவில் கரண்ட் போனால் செய்ய வேண்டியதும் இதேதான்: மின்சாரம் வந்ததும் ஒரு முறை ஆன் செய்து முறைப்படி அணைப்பது. நான் அன்று ஆட்டோக்காரரைப் பத்து நிமிடம் காக்கவைத்திருந்தால் கரண்டும் வந்திருக்கும், மெஜந்தாவும் பிழைத்திருக்கும்.

இதெல்லாம் முடிந்த பின் ப்ளக்கைக் கழற்றலாம், மெயினையும் அணைக்கலாம். சன்னல் வழியாக வெயில் விழாத இடத்தில், சாய்க்காமல், ஒரு பழைய பருத்தித் துணியால் மூடி வையுங்கள்.

கேப்பில் சில சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விடச் சொல்லும் யோசனையும் பரவலாக இருக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அந்தத் தண்ணீர் கைவசமே இருக்கும் என்பதால் செய்து பார்க்கத் தோன்றும். ஆனால் அதற்கு ஹெட்டைக் கேப்பிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். புதியவர்கள் அந்த முயற்சியில்தான் ஹெட்டைத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். ஆறேழு வாரத்துக்கு அது தேவைப்படுவதில்லை.

சாவி யாரிடமாவது இருந்தால்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நல்லது, பத்து நாளைக்கு ஒரு முறை ஒரு சோதனைத் தாள் அச்சிடுவது. நாசிலின் வாயில் நிற்கும் பழைய மை வெளியேறிப் புதியது வந்து நிற்கும். பல மாடல்களில் கணினியே இல்லாமல், ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பிரிண்டரை ஆன் செய்தால் சோதனைத் தாள் வந்துவிடும். எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும். எங்கள் துளசிக்குத் தண்ணீர் விட எதிர்வீட்டு மாமியிடம் சாவி கொடுக்கும்போது இதையும் காட்டினேன். “செடிக்குத்தான் தண்ணி விடணும்னே, இப்போ இதுக்கும் ஆகாரம் போடணுமாப்பா?” என்று கேட்டார். பொத்தான்களில் 1, 2 என்று சிறு தாள் ஒட்டிக் கொடுத்தேன்: 1 அழுத்திப் பிடித்துக்கொண்டே 2, தாள் வந்ததும் மீண்டும் 2 அழுத்தி விளக்கு அணையும்வரை நிற்க வேண்டும். சுவர் சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, அதன்மேலும் டேப் ஒட்டிவிட்டேன்.

திரும்பி வந்ததும்

வந்தவுடன் சுத்தம் செய்ய ஓடாதீர்கள். முதலில் சோதனைத் தாள்தான். எல்லாக் கோடுகளும் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். விடுபட்டிருந்தால் ஒரு முறை Head Cleaning, ஒரு சோதனை. விடுபட்ட கோடுகள் குறைந்துகொண்டே வந்தால் மூன்று முறைவரை செய்யலாம். மூன்றாவது முறையிலும் மாற்றமில்லையென்றால் மேற்கொண்டு செய்யாமல், பிரிண்டரைப் பொத்தானால் அணைத்து 12 மணி நேரம் சும்மா விடுங்கள். கேப்பின் ஈரமும் உள்ளிருந்து வரும் புது மையும் கெட்டிப்பட்டதை மெல்லக் கரைக்க அந்த நேரம் தேவைப்படுகிறது. என் கறுப்பு அப்படித்தான் மீண்டது: முதல் நாள் மாலை மூன்று முறை ஓடவிட்டும் ஒரு கோடுகூட வரவில்லை, மறுநாள் காலை ஒரே முறையில் முக்கால்வாசி வந்தது, அன்று மாலை முழுதும் வந்தது. இரண்டு மூன்று நாள் இப்படி இடைவெளி விட்டும் அதே கோடுகள் அதே இடத்தில் விடுபட்டால், சர்வீஸ் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.